அலுவலகக் கடிதத்தின் விளியும் முடிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கை அரசாங்க அலுவலகங்களிலிருந்து வெளிவரும் தமிழ்க் கடிதங்கள் பலவற்றின் அடியில் இரண்டு முடிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதைக் காணலாம். முதலில் ‘இங்ஙனம்’ என்ற சொல். அதன்கீழ் ‘தங்கள் உண்மையுள்ள’ என்ற தொடர். அதன்பின் ஒப்பமும் பதவிப் பெயரும். கடிதத்தை முடிப்பதற்கு ஒரு வாய்பாடு போதுமாயிருக்க இரண்டு இடம்பெற்றமை தற்செயலன்று. இவை வெவ்வேறு கடித மரபுகளைச் சார்ந்தவை. செய்யும் பணியாலும் வேறுபட்டவை. ‘இங்ஙனம்’ என்பது மேலே எழுதப்பட்ட செய்தியைப் பற்றிப் பேசுகின்றது. ‘தங்கள் உண்மையுள்ள’ என்பது எழுதியவர்க்கும் பெறுபவர்க்கும் இடையிலான உறவைப் பற்றிப் பேசுகின்றது. முன்னது தமிழ் ஓலை மரபின் வழிவந்தது. பின்னது ஆங்கில வாய்பாடொன்றின் சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்பு. இவ்வேறுபாட்டினை விளங்கிக்கொண்டால் அலுவலகக் கடிதத்திற்கு எவ்விளி, எம்முடிப்புப் பொருந்தும் என்ற வினாவுக்கு விடை எளிதாகும்.

ஓலை மரபு

தமிழில் கடிதத்தின் அமைப்பை அறிவதற்கு இலக்கியமும் கல்வெட்டும் சான்று பகர்கின்றன. சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரியிறுத்த காதையில், மாதவி எழுதிய முடங்கலைக் கோசிகமாணி என்னும் அந்தணன் கோவலனிடம் கொண்டுவந்து சேர்க்கின்றான். கோவலன் அது யாருடையது என்பதை அதன் மண்பொறியிலிருந்த கூந்தலின் மணத்தால் முதலிற் கண்டுகொள்கின்றான். படித்து முடித்தபின், அதே ஓலையைத் தன் பெற்றோரிடம் கொண்டுசென்று காட்டும்படி கோசிகனிடமே திருப்பிக் கொடுக்கின்றான். மாதவி கோவலனுக்கு எழுதிய சொற்கள், கோவலன் தன் பெற்றோருக்கு எழுதியிருக்கக்கூடிய சொற்களாகவும் பொருந்தி நின்றன. அக்கடிதத்தின் விளி பெறுபவரின் பெருமையைச் சுட்டியதேயன்றி, எழுதியவர் அவருக்கு என்ன உறவினர் என்பதைச் சுட்டவில்லை. எழுதியவரை இனங்காட்டியது விளியன்று, பொறியே.

பதினோராந் திருமுறையின் தொடக்கத்திலுள்ள திருமுகப்பாசுரம், வேறொரு வகையில் இன்றைய அலுவலகக் கடிதத்தை நினைவூட்டுவது. ஆலவாய் இறைவன் பாணபத்திரருக்குப் பொருள் கொடுக்குமாறு சேரமான் பெருமாளுக்கு விடுத்த ஓலையாக அது அமைந்துள்ளது. அதாவது, அஃதொரு பரிந்துரைக் கடிதம். அனுப்புபவர் யார், எவ்விடத்தார் என்பது முதலில் வருகின்றது. அடுத்துப் பெறுபவரின் சிறப்பும் பெயரும் வருகின்றன. பின்னர் ஓலை கொண்டுவருபவர் யார் என்பதும், அவர்பொருட்டுச் செய்யவேண்டுவது யாது என்பதும் சொல்லப்படுகின்றன. வேண்டுகோள் முடிந்ததும் ஓலையும் முடிகின்றது. அன்பையோ பணிவையோ உறுதிப்படுத்தும் தனி வாய்பாடு இறுதியில் இல்லை.

அரசர் ஆணைகளிலும் இவ்வமைப்பே காணப்படும். முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில், நாகபட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பட்டமையைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேட்டின் தமிழ்ப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். ‘கோனேரின்மைகொண்டான்’ என்ற அரச வாய்பாட்டை அடுத்து, நாட்டாருக்கும் பிரமதேயக் கிழவருக்கும் நகரத்தாருக்கும் என ஆணை பெறுவோர் நான்காம் வேற்றுமையில் நிரல்பட நிற்கின்றனர். அவர்கள் அன்பராகவோ நண்பராகவோ விளிக்கப்படவில்லை. அவர்கள் வகிக்கும் நிலையே அவர்களுக்குரிய முகவரியாயிற்று.

முடிப்பின் வரலாறு இன்னும் தெளிவானது. சோழ பாண்டியர் காலத்து ஆவணக் கல்வெட்டுகளின் இறுதியில் ‘இப்படிக்கு இவை இன்னார் எழுத்து’ என்ற வாய்பாடு மீண்டும் மீண்டும் வருகின்றது. ‘இப்படி அறிவேன்’ எனச் சான்றாளர் தம் பெயரைப் பொறிப்பதும் உண்டு. ‘இப்படிக்கு’ என்பதிலுள்ள ‘இப்படி’ மேலே எழுதப்பட்ட பொருளனைத்தையும் சுட்டுகின்றது. அப்பொருளுக்கு உடன்பட்டோ அதனை அறிந்தோ இன்னார் கையெழுத்திட்டார் என்பதே வாய்பாட்டின் கருத்து. பிறருடைய ஆணைப்படி எழுதியவரும் அதனை மறைக்கவில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைமுறை பற்றிய சபையின் தீர்மானங்களைக் கூறியபின், சபைப் பெருமக்கள் பணிக்க எழுதியவன் இன்ன மத்தியஸ்தன் என்று முடிகின்றன. தீர்மானம் சபையுடையது, எழுத்து மத்தியஸ்தனுடையது. யாருடைய சொல், யாருடைய கை என்ற பொறுப்பு இரண்டும் அவ்வொரு தொடரில் வரையறுக்கப்பட்டுள்ளன.

‘இங்ஙனம்’ என்பதும் இதே பணியைச் செய்யும் சொல்லாகும். அங்ஙனம், இங்ஙனம், எங்ஙனம் என்பவை சுட்டும் வினாவும் ‘ஙனம்’ என்பதோடு சேர்ந்து வருவன. சுட்டும் வினாவும் முன்வர ஙகரம் மொழிக்கு முதலாகும் என நன்னூலார் விதி கூறியது இத்தகைய சொற்களை நோக்கியே. ‘இங்கணம்’ எனவும் ‘இங்கனம்’ எனவும் எழுதுவது பிழை. ‘இவ்வாறு’ என்பது அதன் பொருள். ஆகவே, ‘இங்ஙனம், பணிப்பாளர்’ என்பதற்கு ‘மேற்கண்டவாறு கூறுபவர் பணிப்பாளர்’ என்பதே கருத்து. ‘இப்படிக்கு’, ‘இவ்வண்ணம்’ என்பவற்றுக்கும் இது பொருந்தும்.

ஆங்கில வாய்பாட்டின் தேய்வு

ஆங்கிலக் கடிதத்தின் முடிப்பு வேறொரு நிலத்தில் முளைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கடிதங்களில் முடிப்பு என்பது தனித் தொடரன்று. கடிதத்தின் இறுதி வாக்கியம் ஒப்பத்தோடு சென்று கலப்பதாகும். தங்கள் மிகத் தாழ்மையும் கீழ்ப்படிவும் உள்ள ஊழியனாக இருக்கும் கௌரவத்தை உடையேன் என்ற பொருளில் அவ்வாக்கியம் அமையும். மேன்மக்களின் புரவலை நாடி வாழ்ந்த ஒரு சமுதாயத்தின் நாகரிக மொழி அது. காலப்போக்கில் அது குறுகி, ‘யுவர்ஸ் பெயித்புல்லி’, ‘யுவர்ஸ் சின்சியர்லி’, ‘யுவர்ஸ் ட்ரூலி’ என எச்சங்களாக நின்றது. இவ்வாறே ‘டியர் சேர்’ என்பதிலுள்ள ‘டியர்’ என்ற அடையும் தன் அன்புப் பொருளை இழந்து வெறுங் குறியாயிற்று. கடன் பாக்கிக்காக வழக்குத் தொடரப்போவதாக எச்சரிக்கும் கடிதமும் அச்சொல்லோடு தொடங்குகின்றது. ஆங்கிலம் படிப்போர் எவரும் அதனை முரணாகக் கொள்வதில்லை.

இவ்வாய்பாடுகளின் மற்றொரு பண்பும் நோக்கற்பாலது. அவை இருதிசையும் செல்வன. பிரித்தானிய ஆட்சியில் கீழ் உத்தியோகத்தர் மேலதிகாரிக்கு எழுதும்போது மட்டுமன்றி, குடியேற்றநாட்டு அமைச்சர் தேசாதிபதிக்கு எழுதும்போதும் கீழ்ப்படிவுள்ள ஊழியன் என்றே ஒப்பமிட்டார். மேலோரும் கீழோரும் ஒரே சொல்லை வழங்கியமையால் அச்சொல் தாழ்வைக் குறிக்கவில்லை. உத்தியோக ஒழுங்கை மட்டுமே குறித்தது.

இலங்கையில் நேர்ந்த மொழிபெயர்ப்பு

1833ஆம் ஆண்டின் கோல்புறூக் – கமறன் சீர்திருத்தங்களை அடுத்து இலங்கையின் நிருவாகம் ஆங்கிலத்தில் வேரூன்றியது. அக்காலத்தில் தமிழில் எழுந்த அலுவற் கடிதம் பெரும்பாலும் ஒருதிசைப்பட்டதாகவே இருந்தது. குடிமக்கள் கச்சேரிக்கு விண்ணப்பித்தனர். ‘பெட்டிசம்’ எனப் பேச்சுத்தமிழில் இன்றும் வழங்கும் சொல் அவ்வுறவின் அடையாளம். ‘கனம் பொருந்திய’ எனத் தொடங்கித் தாழ்மையான விண்ணப்பமாக முடியும் அவ்வெழுத்து, கீழிருந்து மேல்நோக்கியது. ஆங்கிலத்தில் இருதிசையும் சென்ற ‘கீழ்ப்படிவுள்ள ஊழியன்’ தமிழுக்கு வந்தபோது இவ்விண்ணப்ப மொழியோடு கலந்து, மேல்நோக்கி மட்டும் செல்லும் சொல்லாயிற்று. ஆசிரியர் வித்தியாதிகாரிக்கு அவ்வாறு ஒப்பமிட்டார். வித்தியாதிகாரி ஆசிரியருக்குத் தமிழில் அவ்வாறு ஒப்பமிடவேண்டிய தேவை எழவில்லை. வாய்பாடு பெயர்க்கப்பட்டது, அதனைத் தாங்கிநின்ற சமநிலை பெயர்க்கப்படவில்லை.

அலுவலகம் குடிமகனுக்குத் தமிழில் எழுதவேண்டிய கடப்பாடு சட்டப் பிரச்சினையாக மாறியது சுதந்திரத்தின் பின்னரே. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ்மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் அரசோடு தமிழிற் கடிதத் தொடர்பு கொள்ள வரையறைக்குட்பட்ட இடமளித்தது. அதற்கான பிரமாணங்கள் 1966இலேயே நிறைவேறின. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் 16ஆம் திருத்தம் நிருவாக மொழி பற்றிய ஏற்பாடுகளை விரித்தது. இவ்வரலாற்றின் விளைவாகத் தமிழ்க் கடிதம் பல அலுவலகங்களில் முதல் வரைவாகப் பிறவாமல், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட வரைவின் பெயர்ப்பாகவே பிறந்தது. மொழிபெயர்ப்பாளர் முன்னால் கிடந்த தாளில் விளியும் முடிப்பும் ஏற்கெனவே இருந்தன. அவற்றையும் அவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தார். தாம் அறிந்த தமிழ் மரபைக் கைவிடவும் மனமின்றி ‘இங்ஙனம்’ என்பதை மேலே வைத்தார் எனக் கொள்வதற்கு இரட்டை முடிப்பு இடந்தருகின்றது.

சிங்களக் கடித முடிப்பு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அதில் ‘மெயட்ட’ என்ற சொல் முதலில் வரும். ‘இதற்கு’ என்பது அதன் பொருள். அதன்பின் ‘விஸ்வாசீ’ என்பது வரும். ‘இப்படிக்கு’ என்பதைப் போன்று செய்தியைச் சுட்டும் சொல்லொன்றும், ஆங்கிலத்தைப் போன்று உறவைச் சுட்டும் சொல்லொன்றும் அங்கும் அருகருகே நிற்கின்றன. இரட்டை முடிப்பு தமிழுக்கு மட்டும் உரிய விந்தையன்று என்பது இதனாற் பெறப்படும்.

இலக்கணம் காட்டும் இடர்

‘தங்கள் உண்மையுள்ள’ என்ற தொடரில் உள்ள குறை மரபு பற்றியது மட்டுமன்று, இலக்கணம் பற்றியதுமாகும். ஆங்கிலத்தில் ‘யுவர்ஸ்’ என்பது தனித்து நிற்கவல்ல சொல். தங்கட்கு உரியவன் என்பது அதன் பொருள். ‘பெயித்புல்லி’ என்பது வினையடை. தமிழில் ‘தங்கள்’ என்பது ஆறாம் வேற்றுமைப் பொருளில் அடுத்துவரும் பெயரை வேண்டி நிற்பது. ‘உண்மையுள்ள’ என்பதும் பெயரெச்சமாதலின் ஒரு பெயரை வேண்டி நிற்பதே. இரண்டு எச்சங்கள் அடுக்கி நிற்க, அவற்றின்பின் காற்புள்ளியிட்டு வாக்கியம் முறிக்கப்படுகின்றது. அத்தொடர், தங்களுடைய உண்மையை உடைய ஒருவர் எனப் பொருள்கொள்ளவும் இடந்தருகின்றது. எழுதியவர் கருதியது அதுவன்று.

எச்சத்தை முடித்துப் பெயராக்க முனைந்தால் வேறோர் இடர் எழுகின்றது. ‘உண்மையுள்ளவன்’ என்பது ஆடவருக்கே பொருந்தும். ‘உண்மையுள்ளவள்’ என ஒரு பெண் அதிகாரி தம்மைக் குறிப்பது அலுவற் கடிதத்துக்கு ஒவ்வாது. ‘உண்மையுள்ளவர்’ என்றால் எழுதியவர் தம்மைத் தாமே உயர்த்திக் கூறியதாகும். ‘இங்ஙனம்’ என்பதில் இச்சிக்கல் எதுவும் இல்லை. அதற்குப் பாலில்லை, இடமில்லை, உயர்வு தாழ்வு இல்லை. அமைச்சின் செயலாளரும் காவலாளியும் அதன்கீழ் ஒப்பமிடலாம்.

மேலும், ஆங்கிலம் மூன்று சொற்களால் காட்டிய நுண்ணிய வேறுபாட்டையும் பெயர்ப்பு அழித்துவிட்டது. பெயர் சுட்டாது விளித்த கடிதத்துக்கு ‘பெயித்புல்லி’, பெயர் சுட்டி விளித்ததற்குச் ‘சின்சியர்லி’ என்பது பிரித்தானிய வழக்கு. தமிழில் இரண்டுமே ‘உண்மையுள்ள’ ஆயின. வேறுபாட்டைக் காட்டாத வாய்பாடு, அலங்காரமாகவும் பயன்படவில்லை.

ஒரு கடிதம்

இவ்வேறுபாடு நடைமுறையில் எவ்வாறு வெளிப்படும் என்பதைக் கற்பனையான எடுத்துக்காட்டொன்றால் விளக்கலாம். வயதில் மூத்த ஒரு விதவை, காலஞ்சென்ற கணவரின் காணி அனுமதிப்பத்திரத்தைத் தம் பெயருக்கு மாற்றித் தருமாறு பிரதேச செயலகத்துக்கு எழுதுகின்றார். ஆங்கில வரைவிலிருந்து பெயர்க்கப்பட்ட பதில் பின்வருமாறு அமையக்கூடும்:

“அன்புள்ள அம்மணி,
உமது 2ஆம் திகதிய கடிதம் தொடர்பில் பின்வருவனவற்றுக்கு உமது கவனத்தை ஈர்க்கும் கௌரவத்தை உடையேன். உமது மரணச் சான்றிதழும் விவாகச் சான்றிதழும் சமர்ப்பிக்கப்படுதல் வேண்டும். உமது உடனடி நடவடிக்கை மிகவும் பாராட்டப்படும்.
தங்கள் உண்மையுள்ள,”

இக்கடிதம் ‘அன்புள்ள’ எனத் தொடங்குகின்றது; ஆனால் அடுத்த வரியிலேயே ‘உமது’ என்கின்றது. யாழ்ப்பாண வழக்கில் ‘நீர்’, ‘உமது’ என்பன ஒத்தாரையும் இளையாரையும் நோக்கிக் கூறப்படுவன; மூத்த பெண்மணி ஒருவரை நோக்கி அறிமுகமில்லாதவர் கூறுவனவல்ல. ஆங்கிலத்தின் ஒரே முன்னிலைச் சொல் இவ்வேறுபாட்டைக் காட்டாமையால், கடிதத் தலைப்பில் அச்சாகும் ‘எனது இல., உமது இல.’ என்பதன் வழியே அது உடலுக்குள்ளும் நுழைந்தது. பின்னர் முடிப்பில் திடீரெனத் ‘தங்கள்’ வருகின்றது. ஒரே கடிதத்தில் ‘உமது’, ‘தங்கள்’ இரண்டும் வருமாயின், முடிப்பு உடலோடு சேர்த்து எழுதப்படவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘உமது’ என்ற அடையை இயந்திரம்போல் இட்டுச்சென்றமையால், ‘உமது மரணச் சான்றிதழ்’ என்ற தொடர் உயிரோடிருப்பவரிடமே அவருடைய மரணச் சான்றிதழைக் கேட்பதாயிற்று.

தமிழிலேயே சிந்தித்து எழுதினால் அதே பதில் இவ்வாறு அமையலாம்:

“அம்மணி,
காணி அனுமதிப்பத்திரத்தைத் தங்கள் பெயருக்கு மாற்றுதல்
தங்கள் 2ஆம் திகதிக் கடிதம் கிடைத்தது. கணவரின் மரணச் சான்றிதழ், தங்கள் விவாகச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப்பிரதிகளுடன் இம்மாதம் 25ஆம் திகதிக்கு முன் இவ்வலுவலகத்துக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
இங்ஙனம்,
(ஒப்பம்)
காணி உத்தியோகத்தர்,
பிரதேச செயலாளருக்காக.”

‘அம்மணி’ என்ற விளி தன்னளவிலேயே மதிப்பை உணர்த்துவதால் அதற்கு அடை வேண்டியதில்லை. ஆடவராயின் ‘ஐயா’ என்பது போதும். ஆங்கில அரசாங்கக் கடிதங்களும் ‘டியர்’ என்ற அடையின்றிச் ‘சேர்’ என மட்டும் விளித்தமையால், இவ்விடத்தில் இருமொழி மரபும் ஒன்றுபட்டன. பெறுபவர் யாரெனத் தெரிந்திருக்கும்போது ‘ஐயா/அம்மணி’ எனக் கோடிட்டு இரண்டையும் அச்சிடுவது, கடிதம் அவருக்கென எழுதப்பட்டதன்று எனக் கூறுவதற்கு ஒப்பாகும். முடிப்பில் ‘இங்ஙனம்’ என்பது கேட்கப்பட்ட ஆவணங்களையும் குறிக்கப்பட்ட திகதியையும் உறுதிசெய்கின்றது. அதன்கீழ்க் காணி உத்தியோகத்தர் ஒப்பமிடுகின்றார். செயலாளருக்காக என்பதையும் குறிக்கின்றார். உத்திரமேரூர் மத்தியஸ்தன் சபையார் பணிக்க எழுதினேன் என்றதும் இதுவே. இங்கு ‘தங்கள் உண்மையுள்ள’ என்பதை இட்டால், உண்மையுள்ளவர் செயலாளரா, அவருக்காக ஒப்பமிட்டவரா என்ற வினா எழும்.

வாய்பாட்டின் எல்லை

‘இங்ஙனம்’ எல்லாக் கடிதத்துக்கும் பொருந்துமென்று கொள்வதற்கில்லை. செய்தியை உறுதிசெய்வது அதன் பணியாதலின், உறுதிசெய்ய ஒரு செய்தி இருக்குமிடத்தே அது சிறக்கும். உடன் பணியாற்றியவரின் துயரில் பங்குகொள்ளும் கடிதத்தின் கீழ் அச்சொல் வறட்சியாகத் தோன்றும். அங்கே உறவுதான் செய்தி. ஆதலின் ‘அன்புடன்’ என்பதே இயல்பு. அறிந்த ஒருவருக்குப் பெயர்சுட்டி எழுதும்போது ‘மதிப்புக்குரிய’ என்ற அடை விளியில் வருவதும் தவறன்று. தமிழில் அச்சொல் இன்னும் தன் பொருளோடு வழங்குகின்றது. ‘அன்புள்ள’ என்பதும் அவ்வாறே பொருள் தேயாத சொல். அதனாலேயே வரி நிலுவையைக் கோரும் கடிதத்தின் தலையில் அது பொருந்தாமல் நிற்கின்றது. பழைய குடும்பக் கடிதங்களில் நலம் விசாரித்து முடிந்ததும் ‘நிற்க’ என்ற ஒரு சொல்லை இட்டுச் செய்திக்குத் திரும்பினர். அன்பு கூறும் இடத்தையும் கருமம் கூறும் இடத்தையும் தமிழ்க் கடிதம் வேறுபடுத்தி வைத்ததற்கு அச்சொல் சான்று. அலுவலகக் கடிதம் முழுவதும் ‘நிற்க’ என்பதற்குப் பின்னால் வரும் பகுதியாகும்.

ஆகவே, ஒரு முடிப்பு பொருந்துமா என அறிவதற்கு, அதனைக் கடிதத்தின் செய்தியோடு ஒரு வாக்கியமாகச் சேர்த்துப் படித்துப் பார்க்கலாம். ‘இச்சான்றிதழ்களுடன் வருக, இங்ஙனம், காணி உத்தியோகத்தர்’ என்பது நிறைவான கூற்று. ‘இச்சான்றிதழ்களுடன் வருக, தங்கள் உண்மையுள்ள’ என்பது நடுவில் அறுந்து நிற்கின்றது. இரட்டை முடிப்பிலிருந்து கீழ்வரியை நீக்கினால் கடிதத்தின் பொருளில் எதுவும் குறைவதில்லை. மேல்வரியை நீக்கினாலோ, எழுதப்பட்டதற்குப் பொறுப்பேற்கும் சொல் கடிதத்தில் இல்லாது போகும். அரசின் சொல்லைத் தம் மொழியிற் பெறும் உரிமை நீண்ட வழக்காடலின்பின் சட்டத்தில் இடம்பெற்ற ஒரு சமூகத்துக்கு, அக்கடிதத்தின் அடியில் வேண்டுவது எழுதியவரின் உண்மையைப் பற்றிய உறுதிமொழியன்று. எழுதப்பட்டதற்கு இன்னார் பொறுப்பு என்னும் கையெழுத்தே.